"முடிஞ்சுது" என்றால் என்ன பொருள்?

காந்திபுரத்தில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடத்தில் நான் ஆங்கிலம் எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் என் உயிரை வாங்கியவர் என் வீட்டுக்காரர்தான். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்துக்கு மேற்பார்வையாளர். வயது வரம்பு முடிகிறது, கிளார்க் தேர்வுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் பிறகு தறிச் சத்தம்தான்.

மனுசன் உழைக்காமல் இல்லை. ஒரு தடிமனான அகராதியை வாங்கி, சொல்லுக்கு ஒரு பொருள் என்று பல் விளக்கும்போதும் மனப்பாடம் செய்தார். வினை அங்கேதான். நிறுவனம் அவருக்கு 'ஹேண்ட்சம்' தொகை கொடுத்தது என்று வாக்கியம் வந்தால், அழகான தொகை என்று குறிப்பார். ரூபாய் நோட்டு அழகாக இருந்தால் என்ன, அசிங்கமாக இருந்தால் என்ன? தாராளமான தொகை என்று வரவேண்டும். படையெடுத்த நாட்டின் மீது 'சாங்ஷன்' விதித்தார்கள் என்ற வாக்கியத்துக்கு, அனுமதி என்று குறித்தார். இந்த ஊரில் சாங்ஷன் என்றால் லோன்தானே. அங்கே அது தடை என்றேன். போர் பண்ணவும் லோன் குடுக்கறாங்களோ என்று நினைத்தாராம். தப்பான ஒவ்வொரு விடைக்கும் கால் மார்க் கழிப்பார்களே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கோடிட்ட இடமும் இதே கதைதான். 'பணக்காரராக இருந்தாலும் அவர் _____ வாழ்க்கை வாழ்ந்தார்' என்று கொடுத்தால், பணக்காரர் என்றதைப் பார்த்ததும் 'ஆடம்பர' என்று போட்டுவிடுவார். 'இருந்தாலும்' என்று வந்தபிறகு வாக்கியம் எதிர்த்திசையில் திரும்பி, எளிய வாழ்க்கைக்குத்தானே போகும்? விடைகளைக் கையால் மூடிக்கொள்ளுங்க, வாக்கியத்தைப் படிச்சு நீங்களே ஒரு சொல் போட்டுப் பாருங்க, அப்புறம் கையை எடுங்க என்று தொண்டை வறளக் கத்தினேன். கேள்வியிலேயே 'இந்தப் பத்தியில் வரும் பொருளில்' என்று எழுதியிருக்கிறதே, கண் தெரியலையா என்று திட்டினேன். மகராசன் சிரிப்பார், அடுத்த பக்கம் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். கிளம்பும்போது அந்த வீட்டு அக்கா, "இருந்து சாப்பிட்டுப் போலாமுங்க" என்றார். நான் உட்காரப் போனேன். இவர் என் கையைப் பிடித்து, இன்னொரு நாள் வாரோமுங்க என்று வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டார். எனக்கோ நல்ல பசி. ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க என்று வண்டியில் சண்டை பிடித்தேன்.

"அடுப்பைத் தொடச்சுப்போட்டாங்க, பாத்திரத்தைக் கவுத்துப்போட்டாங்க. அப்புறம் சாப்பிடச் சொன்னா, போங்கன்னு அர்த்தம் அம்மணி."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். அடப்பாவி மனுசா, இதைத்தானே நான் மாசக்கணக்கில் கரடியாய்க் கத்துகிறேன்! அந்த அக்கா சொன்னதை எந்த அகராதியில் பார்த்தீர்கள்? சுற்றிலும் இருந்ததைத்தானே பார்த்தீர்கள்? அவர் வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் பரண் மேல் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, "அடுப்பு எரியுதா, அணைஞ்சுருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விடை குறித்தார். பாதிக்கும் மேல் சரியாக வந்தது. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் அவருக்கு நான் அம்மணி. கண்ணு என்று கூப்பிட்டால் ஏதோ கெட்ட சேதி. வண்டியைச் சுவரில் இடித்தபோது கண்ணு. என் தங்கச்சி கல்யாணத் தேதியை மறந்தபோது கண்ணு. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அது மாறியதே இல்லை.

தேர்வு எழுதிவிட்டார். முடிவு வரும் நாளன்று நான் வகுப்பில் இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. வெளியே ஓடிப்போய் எடுத்தேன். அவர்தான்.

"முடிஞ்சுது, கண்ணு."

மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். போனா போகட்டுங்க, வேலைக்கா பஞ்சம், உங்களை மாதிரி தறி ஓட்டத் தெரிஞ்சவங்க யார் இருக்காங்க, பரீட்சை வைக்கிறவனுக்கு அறிவில்லை என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு, எங்க அப்பா ஏதாச்சும் சொன்னா நானே பேசிக்கிறேன் என்றும் சொன்னேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டார்.

"தறி ஓடுற சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை. அங்கிருந்து அவர் எப்போது பேசினாலும் பாதி காதில் விழாது, கத்தித்தான் பேசுவார். இன்றைக்கு அத்தனை தறியும் நின்றிருந்தது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ பிரியாணி எப்பங்க என்கிறார்கள். வேலையாட்கள் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டு அவரைச் சுற்றி நிற்கிறார்கள் போலிருக்கிறது.

"கண்ணுன்னு கேட்டதும் விடையைக் குறிச்சுப்போட்டியே அம்மணி," என்றார். "உனக்குக் கால் மார்க் போச்சு."