பால்வாடிக்குப் போய்வந்த அறிக்கை

என் அறிக்கைகளுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு. தலைநகரில் லோதி ரோட்டில், காப்பகங்களுக்கு மானியம் தரும் ஒரு பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். மானியம் வாங்கி நடக்கும் குழந்தைக் காப்பகங்களை நேரில் போய்ப் பார்ப்பது, பார்த்ததை ஒரு வாரத்துக்குள் எழுதி மேலதிகாரியிடம் கொடுப்பது, இதுதான் வேலை. அறிக்கைக்கு மூன்று பகுதி. கண்டதும் கேட்டதும் முதலில். அதெல்லாம் விதிமுறைக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பது இரண்டாவது. இனி யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற கட்டம் கடைசியில். மற்றவர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கிவிடுவார்கள். நான் பிரித்துப் பிரித்து வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் காப்பகத்துக்கு நான் போனது ஒரு மழைக்கால வியாழக்கிழமை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைகளை இடித்த பிறகு, தூரத்தில் கொடுத்த வீட்டுக்குப் போக முடியாதவர்களும், வீடே கிடைக்காதவர்களும் அங்கே வாடகைக்கு ஒதுங்கியிருந்தார்கள். பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். பெண்கள் வீட்டு வேலைக்கோ பெருக்கும் வேலைக்கோ விடியற்காலையில் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய இருபத்திரண்டு குழந்தைகள் ஒரே ஓர் அறையில். எங்கள் கோப்பில் அதற்குக் காப்பகம் என்று பெயர். அங்கே எல்லோருக்கும் பால்வாடி.

நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். "ஆயியே மேடம்ஜி" என்று இந்தியில் வரவேற்றவர், உள்ளே சண்டை போட்ட இரண்டு குழந்தைகளைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் அதட்டினார். நானும் தமிழ்தான் என்றேன். விழுப்புரம் பக்கம் சொந்த ஊராம். அதற்குப் பிறகு நான் அவருக்கு மேடம் இல்லை, "எம்மா" ஆகிவிட்டேன். அவர் எனக்கு அக்கா.

ஆய்வுக்குப் போகிற இடங்களில் எங்களுக்காக ஒரு நாடகம் நடக்கும். ஒரே பிளாஸ்டிக் யானையை ஒரே நாளில் இரண்டு காப்பகங்களில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்திருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வருகைப் பதிவேடு சரி. எடை பார்க்கும் அட்டவணை ஒவ்வொரு குழந்தைக்கும் நிரப்பியிருந்தது. கிச்சடியை ஒரு கிண்ணத்தில் போட்டு என்னையும் சாப்பிட வைத்தார். நன்றாக இருந்தது.

அதன் பிறகு, நான் கேட்காமலேயே, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குழந்தைகள் தூங்கும் அதே அறையின் மூலையில், ஒரு திரைக்குப் பின்னால் எரிவாயு சிலிண்டரும் அடுப்பும். அதை ஒட்டித்தான் ஷட்டர் கதவு. வெளியே போக வேறு வழி கிடையாது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மூடியில்லாத சுவிட்ச் போர்டு. இரண்டு வருடமாக, காப்பகத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அந்த ஒருங்கிணைப்பாளர் முந்தின நாள் வந்து, ஒரே ஒரு நாளைக்குச் சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொன்னாராம். சுவிட்ச் போர்டு மேல் ஒரு படத்தைத் தொங்கவிடவும் சொன்னாராம்.

"நான்தான் வேணாம்னுட்டேன். மறச்சு வச்சா ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சாத்தான சரி பண்ணுவீங்க."

எழுதுகிறேன் அக்கா, ஒன்றுவிடாமல் எழுதுகிறேன் என்றேன்.

ஒன்றுவிடாமல்தான் எழுதினேன். கடைசிக் கட்டத்தில், தனிச் சமையலிடம், இரண்டாவது வழி, சுவிட்ச் போர்டுக்கு மூடி என மூன்றையும் போட்டு, பொறுப்பு நடத்தும் நிறுவனம், கெடு இரண்டு மாதம் என்று முடித்தேன். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். லக்னோக்காரர், கெட்டவர் இல்லை. கட்டிட வேலைக்குப் பணம் யார் தருவார்கள் என்று கேட்டார். அவர்கள் வாங்கும் மானியத்தில் அதற்கு இடமே இல்லை, நிதி இல்லை என்று ஒரு கடிதம் போடுவார்கள், இது வருடக்கணக்கில் தொங்கும் என்றார். அது வரைக்கும், இருபத்திரண்டு குழந்தைகள் சிலிண்டர் பக்கத்தில் தூங்குகின்றன என்பதற்கு உன் கையெழுத்து கோப்பில் இருக்கும், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது யார் என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்றும் சொன்னார். அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. அச்சா, கெடுவைக் குறைத்து ஒரு வரி சேர்த்துவிடு என்றார்.

சேர்த்தேன். முப்பது நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்; முடியாவிட்டால், சரிசெய்யும் வரை அந்த இடத்தில் காப்பகத்தை நடத்தக் கூடாது.

அறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு மாதிரியாகப் படிக்கக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மயூர் விஹாருக்கு மெட்ரோவில் போகும்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறொரு வழி இருந்தது. பழுது பார்க்க ஒருமுறை மட்டும் தரும் தொகை ஒன்று உண்டு. எங்கள் பிரிவே முன்மொழிந்து நிதிப் பிரிவுக்கு அனுப்பலாம். ஆறு மாதம் அலைய வேண்டும், பத்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அறிக்கை எழுதும்போதே அது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் 'யார் செய்ய வேண்டும்' என்ற கட்டத்தில் எங்கள் பிரிவின் பெயரை நாங்களே போடுவது வழக்கமில்லை. இருபது வருடத்தில் ஒருவர்கூடப் போட்டு நான் பார்த்ததில்லை. தன் தலையில் தானே யார் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்கள்? நானும் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. எந்த நிறுவனமும் இவ்வளவு ஜல்தியாகப் பதில் போட்டதில்லை. இரண்டே வரி. குறிப்பிட்ட இடத்தில் காப்பகம் நிறுத்தப்பட்டது, பெற்றோர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆதாரத்துக்கு ஒரு புகைப்படம், கீழே இடமும் தேதியும் அச்சாகியிருந்தது. இழுத்து மூடிய ஷட்டர், அதில் ஒரு பூட்டு. என் கைக்கு வருவதற்குள் பிரிவில் யாரோ என் அறிக்கையின் நேரே 'நடவடிக்கை நிறைவு' என்று குறித்துவிட்டிருந்தார்கள்.

வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது என்றார், அதனால் அந்த மையத்துக்கான அனுமதியையே எங்கள் பிரிவிடம் திருப்பி ஒப்படைத்துவிட்டார்களாம், அந்த அம்மாவை வேலையிலிருந்து அனுப்பியாயிற்றாம். அவர் குரலில் வருத்தமே இல்லை. நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம் என்றார்.

மேலதிகாரியிடம் ஓடினேன். அவரும் வருத்தப்பட்டார், நிஜமாகவே. முடித்த விஷயத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் புதிதாக ஓர் ஆய்வு அறிக்கை வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு எழுது என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? பட்டியலிலேயே அந்தக் காப்பகம் இல்லை. அந்தப் பழுதுபார்க்கும் தொகையைக் கேட்டேன். நடக்கிற காப்பகத்துக்குத்தான் அது என்றார். அதுவும் எனக்குத் தெரிந்த விதிதான். பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுவதற்கும் எனக்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தனியாக அந்தச் சந்துக்குப் போனேன். ஷட்டரில் பூட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் கேட்டதும் அந்த அக்காவின் அறையைக் காட்டினார்கள். காலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஒரு மணி நேரம் முன்புதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

கட்டிலும் அடுப்பும் போக ஆறடி இடம். அதில் நான்கு குழந்தைகள் வரிசையாகத் தூங்கின. கடைசிக் குழந்தையின் கால் சிலிண்டரில் முட்டிக்கொண்டிருந்தது. மற்ற குழந்தைகளைப் பற்றிக் கேட்டேன். சிலதை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். சிலதை அம்மாக்கள் வேலை செய்யும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மாடிப்படியில் உட்கார வைக்கிறார்களாம். ஒருத்தி மட்டும் இரண்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாளாம். இந்த நான்குக்கும் போக்கிடம் இல்லை, அதனால் மத்தியானத்திலிருந்து தன்னிடம் இருக்கின்றன என்றார். காசு வாங்குவதில்லை.

நான் எழுதியது இதைத்தான். சிலிண்டர் பக்கத்தில் குழந்தைகள் தூங்குகின்றன. அது இன்னும் அப்படியே இருக்கிறது, இதைவிடச் சின்ன அறையில், எந்தக் கோப்பிலும் இல்லாமல்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தைகள் எழுந்துவிடாமல் மெதுவாகக் கேட்டார்.

"எம்மா, என்னப் பத்தி நல்லதா எதுவும் எழுதலியா நீ?"

எழுதினேன் என்றேன். முதல் பகுதியில் ஒரு முழுப் பத்தி. கணக்கெல்லாம் சரியாக வைத்திருக்கிறார், குழந்தைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, குறைகளை அவரே எடுத்துக் காட்டினார், எதையும் மறைக்கவில்லை. ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"இதயெல்லாம் படிச்சிட்டுமா மூடச் சொன்னாங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லக்கா. அந்தப் பக்கத்த யாரும் படிக்க மாட்டாங்க. கடைசிக் கட்டம் மட்டுந்தான் படிப்பாங்க."

அவர் முகம் தெளிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "பாத்தியா, நான் நெனச்சேன். படிச்சிருந்தா மூடிருக்க மாட்டாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் ஊறிப் போயிருந்தது. "இன்னொரு தடவ எழுதும்மா. இந்தத் தடவ அவங்க படிக்கிற எடத்துல எழுது."

சரிக்கா என்றேன்.