முதலாளி கொடுத்த நற்சான்று

சித்தப்பா ஒரு ஹார்டுவேர் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். பாக்கி வைத்தவர்கள் அவர் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். அவரோ வாசலிலேயே நின்று வசூலித்துவிட்டுத்தான் திரும்புவார். முதலாளியின் கல்லா அப்படித்தான் நிறைந்தது.

அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டபோது, முதல் சரக்கை ஒரு மாதக் கடனில் தரும்படி மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினார். ஆணி, கீல், தாழ்ப்பாள் என்று எல்லாம் கேட்டிருந்தார். தன்னைப் பற்றி விசாரிக்க அந்த முதலாளியின் நம்பரையே கொடுத்தார். வேறு யாரைத்தான் கொடுப்பார், பாவம்!

வியாபாரி விசாரித்துவிட்டுச் சித்தப்பாவுக்கு போன் செய்தார்.

"உங்க முதலாளி உங்களைத் தங்கமான மனுஷன்னு சொன்னாரு. யாரு கடன் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராதாமே? அப்புறம் எங்க பணம் எப்படிங்க திரும்பி வரும்? முதல் சரக்கு ரொக்கத்துக்குத்தான்."

காலி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்த சித்திக்கு விளங்கவில்லை. "நல்லவருன்னுதானே சொல்லியிருக்காரு?"

"அதான்டி வினையே. கறாரான ஆளுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, சரக்கு வந்திருக்கும்."