எட்டு நாள் வாரம்

"வாரத்தில் ஒரு நாள்கூடவா உங்களுக்கு லீவு கிடையாது?" என்று குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி கன்னடத்தில் கேட்டபோது எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. லீவு இல்லாமலா? கொட்டிக் கிடந்தது. அத்திபெலேயில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான்கு நாள் வேலை, நான்கு நாள் லீவு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, அப்புறம் நான்கு நாள் வீடு. வருடத்தில் பாதி நாள் லீவு அனுபவித்தவன் நான். பெற்ற மகளைப் பார்க்கத்தான் நாள் இல்லை.

நான்கும் நான்கும் எட்டு. உலகத்துக்கு வாரம் ஏழு நாள், எனக்கு எட்டு. இந்தச் சுற்று திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அடுத்த சுற்று செவ்வாய், அதற்கடுத்தது புதன். எட்டு வாரம் கழிந்தால்தான் மறுபடி திங்கள் வரும். அந்த எட்டு வாரத்தில் நான்கு ஞாயிறு வேலை, நான்கு ஞாயிறு லீவு. சரிபாதி, நியாயம்தானே என்று தோன்றும். ஒன்று விட்டு ஒன்று வந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அப்படி வராது. நான்கு ஞாயிறு தொடர்ந்து வேலை, பிறகு நான்கு ஞாயிறு தொடர்ந்து லீவு. அதாவது ஒரு மாதம் அப்பா, ஒரு மாதம் அப்பா இல்லை.

நானும் மனைவியும் பிரிந்தபோது நீதிமன்றம் சொன்னது இதுதான்: மகள் தாயோடு ஒக்கலிபுரத்தில் இருப்பாள், ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை நான் பார்க்கலாம். அவர்கள் வீட்டுப் பக்கத்து பேக்கரி வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது. மற்ற நாள் பள்ளிக்கூடம், டியூஷன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வெட்டியாக உட்கார்ந்திருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

"நான்கு வாரம் தொடர்ந்து வரவில்லை, இவருக்குக் குழந்தை மேல் அக்கறையே இல்லை" என்று மனைவியின் வக்கீல் மனு போட்டார். அதற்கு முந்தின நான்கு வாரமும் நான் வந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மனுவைப் படித்த அன்று சோற்றுத் தட்டை எட்டி உதைத்தேன். பிறகு நானே குனிந்து பொறுக்கினேன்.

ஆள் மாற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். பகலுக்கு இரண்டு குழு. நான் லீவில் இருக்கும்போது என் மெஷினில் நிற்பவர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போக ஆசைப்படுபவர். அவரிடம் போய் நின்றேன்.

"ப்ரதர், ஒரு தடவைன்னா ஓகே. ஆனா உனக்கு வேலை இருக்குற சண்டே எல்லாமே எனக்கு லீவு சண்டேதானே? அத்தனையும் உனக்குக் குடுத்துட்டா எனக்குன்னு ஒரு சண்டேகூட மிஞ்சாது. என் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதில்தான் அன்று எனக்கு அதிகக் கோபம்.

எச்.ஆரில் இருந்த பையன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "சார், ஏனு மாடோது, என்ன பண்றது, சிஸ்டம்ல ஷிப்ட் ரோட்டா அப்படித்தான் ஓடும்" என்றான். எவனோ போட்ட கட்டம் அது.

கடைசியில் என் வக்கீல்தான் வழி சொன்னார். "வருஷத்துக்கும் உங்க லீவு ஞாயிறு எதெதுன்னு குறிச்சுக் குடுங்க. அந்த நாள்ல மட்டும் குழந்தையக் கூட்டிட்டு வரட்டும். மத்த ஞாயிறை உங்க மேல குத்தமா சொல்லக் கூடாதுன்னு கேட்டுப் பாக்கலாம்."

ஒரு தினசரிக் காலண்டரின் பின்அட்டையில் இருக்கும் பன்னிரண்டு மாதக் கட்டத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, வேலை நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். நான்கு வட்டம், நான்கு வெற்று. ஒரு பிரதி நீதிமன்றத்துக்கு, ஒன்று மனைவிக்கு. எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எதற்கு? கம்பெனி போர்டில்தான் போட்டிருக்கிறதே. நீதிபதி ஒப்புக்கொண்டார். அன்று நீதிமன்ற வாசலில் நான் சிரித்துக்கொண்டே டீ குடித்தது நினைவிருக்கிறது.

தப்பு எங்கே என்றால், நவம்பர் ஒன்றாம் தேதியில். மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்குத் தொழிற்சாலை மூடிவிடுவார்கள். அது என் வேலை நாட்களில் மூன்றாவது. லீவு விட்ட நாளை எவன் வேலை நாளாக எண்ணுவான்? அதை வெற்றாக விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டு நாள் வட்டம் போட்டு நான்கை முடித்தேன். ஆனால் கம்பெனிக் கணக்கு எதற்காகவும் நிற்காது. கொடியேற்றி லட்டு கொடுத்த நாளும் நான்கில் ஒன்றாகக் கழிந்துவிடும். ஆக, அன்றிலிருந்து காலண்டரில் என் வட்டங்கள் அத்தனையும் ஒரு நாள் பின்தங்கிவிட்டன. தொடர்ந்து வரும் வேலை ஞாயிறுகளில் அந்த முறை நான்குக்குப் பதில் மூன்றில்தான் வட்டம் விழுந்திருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் அப்போதே உறைத்திருக்கும். பதினான்கு வருடம் இந்த ஷிப்டில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

நவம்பரில் வட்டம் விழாத அந்த நான்காவது ஞாயிறு, கம்பெனி போர்டைப் பார்த்து, வழக்கம்போல ஆறு மணிக்கு உள்ளே போனேன். உள்ளே போன் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். மாலையில் வெளியே வந்து எடுத்தால் மனைவியிடமிருந்து பதினோரு அழைப்புகள். கூப்பிட்டேன்.

"பேக்கரிக்காரர் ஸ்டூல் போட்டுக் குடுத்தார். ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. எழுந்து வரவே மாட்டேன்னா" என்றாள். "நீங்க வட்டம் போட்ட காலண்டர்தானே?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். எச்.ஆர், வக்கீல், நீதிபதி என்று அதுவரை ஒவ்வொருவருக்கும் நான் சேர்த்து வைத்திருந்த வசவு முழுவதும் அன்று என் பக்கமே திரும்பியது. கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் ஹைவே ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மறுநாளே எச்.ஆருக்குப் போய் ஜெனரல் ஷிப்ட் கேட்டேன். திங்கள் முதல் சனி வரை, ஞாயிறு லீவு. அது ஸ்டோரில் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். மெஷின் செட்டராக இருந்தவன் இப்போது அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். பழைய குழுக்காரர்கள் வழியில் பார்த்தால் "என்னண்ணா, ஆபீஸர் ஆயிட்டீங்களா" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். வருடத்துக்கு நூறு நாளுக்கு மேல் லீவைத் திருப்பிக் கொடுத்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கினேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஸ்டோருக்கு மாறிய பின் வந்த முதல் ஞாயிறு, பேக்கரியில் மகளுக்கு முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே எல்லா ஞாயிறும் அப்பா வருவேன்" என்றேன்.

"அடுத்த சண்டே வருவியாப்பா?"

"வருவேன்."

ஒரு விரலை மடக்கினாள். "அதுக்கடுத்தது?"

"வருவேன்டா."

அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. நான்கு விரல் மடங்கியது. ஐந்தாவதை அவள் கேட்கவே இல்லை.

"அதுக்கப்புறம் உனக்கு வேலை இருக்கும்" என்று அவளே சொல்லிவிட்டு, பஃப்ஸைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.