என் கடை லெட்டர்பேடில் ஒரு பொய்

போன ஜூன் மாதம், ஏற்காட்டில் தொடங்கியது இது. கோடை சீசன் முடிந்து ஏரிப் பக்கம் கூட்டம் வடிந்திருந்தது. சீசன் சமயத்திலேயே என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். காபித்தூள், மிளகு, ஏலக்காய் விற்கிற சின்னக் கடை. சுற்றுலா வேன்கள் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் பாக்கெட்டை போட்டோ எடுத்துக்கொண்டு, "ஆன்லைன்ல பாத்துக்கறோம்" என்று போய்விடுவார்கள். எனக்கு வரும் கோபத்துக்கு அளவே இருக்காது.

கடையில் என்னோடு இருந்தவர் ஒரே ஒரு அக்கா. கிளியூர்க்காரர், பதினெட்டு வருடமாக என்னிடம் வேலை. மிளகை உள்ளங்கையில் கொட்டி ஒரு ஊது ஊதினால் போதும், உள்ளே சத்தில்லாத பொக்கு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மழைக் காலத்தில் எந்த மூட்டை ஈரம் இழுத்திருக்கிறது என்று மோந்தே கண்டுபிடிப்பார். கல்லாவில் என்னைவிட அவர் கைதான் சுத்தம். நானாவது டீக்குச் சில்லறை எடுத்துவிட்டு எழுத மறப்பேன்.

வாடகைக்கும் அவர் சம்பளத்துக்கும் சேர்த்து என் மனைவியின் வளையல் அடகுக்குப் போன பிறகுதான், இனி அவரை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒப்புக்கொண்டேன். சேலத்தில் என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடம் கேட்டேன்.

"பத்துப் பேர் வேலை செய்யற எடத்துக்குத்தானுங்க கிராஜுவிட்டி கட்டாயம். உங்க கடைக்குச் சட்டப்படி இல்லீங்க. குடுக்கோணும்னு நெனச்சா அதே கணக்குல குடுங்க. ஆனா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிப்போடுங்க. நிறுத்தற காரணத்தையும் உள்ளபடி எழுதிக் குடுங்க" என்றார்.

பணிக்கொடைக் கணக்கு எளிமையானதுதான். மாதச் சம்பளம் பதிமூன்றாயிரம். அதை இருபத்தாறால் வகுத்தால் ஒரு நாள் கூலி ஐந்நூறு. வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, ஏழாயிரத்து ஐந்நூறு. பதினெட்டு வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். ஓடிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். தள்ளுபடியில் போனது போகட்டும் என்றிருந்தது.

ஒரு மாதத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஒரு காலையில் அக்காவிடம் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். துடைத்து முடித்துவிட்டு, "தெரியுமுங்க பாய். போன மாசமே நானே சொல்லலாம்னு இருந்தேன். பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்கறாளா, அதான் வாயி வரல" என்றார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, மூட்டை எண்ணுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போட்டேன். கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். அந்தப் பணத்தை அப்படியே மகளின் படிப்புக்கு வைத்துவிடுவேன், வீட்டுச் செலவுக்குத்தான் வேலை வேண்டும் என்றார். பக்கத்தில் புதிதாக ஒரு தங்கும் விடுதி வந்திருந்தது. வாசலில் காபித்தூள், மிளகு விற்க ஒரு கவுன்ட்டர் போட்டு, அனுபவமுள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு நல்ல சான்றுக் கடிதம் கொடுத்தேன்.

நல்ல கடிதம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் சென்டரில் இங்கிலீஷில் அடித்து, லெட்டர்பேடில் எடுத்து, சீல் குத்தி, கவரில் போட்டு ஒட்டியும் கொடுத்தேன். நேர்மையானவர், உழைப்பாளி என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். வியாபாரம் படுத்துவிட்டது என்று என் கடைத் தாளிலேயே எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் காபிக்கொட்டை கடனுக்குத் தருகிற எஸ்டேட் காதுக்குப் போனால் கடனை நிறுத்திவிடுவார்களே என்கிற பயம். விலகிக்கொண்டார் என்றால் அவருக்கும் கௌரவம்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கையில் களைக்கொத்து. எஸ்டேட்டுக்குத் தினக்கூலிக்குப் போகிறாராம். விடுதி வேலை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"ஏன் நின்னீங்கன்னு கேட்டாங்க. யாவாரம் இல்லைன்னு பாய் நிறுத்திட்டாருன்னு உள்ளதச் சொன்னேனுங்க. லெட்டர்ல வேற மாதிரி இருக்குதாமே? ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குப்பனூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். எனக்கு அங்கேயே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

நேராக விடுதிக்குப் போனேன். மேனேஜர் ஒரு சேலத்து அம்மா. அவருக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? எனக்குக் கொட்டை தருகிற அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்! யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் பொய்யை எழுதினேனோ, அவரே. திரும்பிப் போய் நாளைக்கு வரலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. களைக்கொத்து கண்ணில் நின்றது.

"அந்தக் கடிதத்தில் இருக்கிற கடைசி வரி பொய்ங்க. அவங்களா நிக்கல. என் கடையில வியாபாரம் இல்ல, சம்பளம் குடுக்க முடியல, நான்தான் நிறுத்தினேன். வெளியே தெரிஞ்சா அசிங்கம்னு மாத்தி எழுதிட்டேன்."

மேனேஜரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, கல்லாவுல உக்காரப்போற ஆளு அவங்க. பணத்துல ஏதோ ஆயிப்போச்சு, அதான் மறைக்கறீங்கன்னு நான் நெனச்சுட்டேன். எம்மேல தப்புங்களா?"

அவர் மேல் தப்பே இல்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து அக்காவின் பெயரில் திருட்டுப் பட்டம் ஒட்டப் பார்த்திருக்கிறேன். பணிக்கொடைக் கணக்குத் தாளைக் காட்டினேன். திருட்டுக் கொடுத்தவன் இதைக் கொடுப்பானா என்று கேட்டேன்.

ரைட்டர் டீயைக் கீழே வைத்தார். "உங்க கடையில யாவாரம் நொம்ப டல்லுன்னு ஊருக்கே தெரியுமுங்க பாய். அதுக்கா இத்தன கூத்து?"

வேறு கடிதம் கொண்டுவரச் சொன்னார் மேனேஜரம்மா. இந்த முறை தமிழில் எழுதினேன். எந்த வருடம் சேர்ந்தார், எப்போது நிறுத்தினேன், என்னென்ன வேலை பார்த்தார், கடைச் சாவி அவரிடம்தான் இருந்தது, வியாபாரம் குறைந்ததால் நானே நிறுத்தினேன், எப்போது வேண்டுமானாலும் என்னை போனில் கேட்கலாம் என்று எல்லாவற்றையும் வரிவரியாக. கொடுப்பதற்கு முன் கிளியூருக்குப் போய் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

மெதுவாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "ஒரு நாளும் லீவு போட்டதில்லைன்னு இருக்குதுங்களே? நான் எத்தன லீவு போட்டிருக்கேன்! அத எடுத்துப்போடுங்க பாய். மறுபடி மொதல்ல இருந்தா?" என்று சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வெட்கம். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

அடுத்த வாரமே அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார், என்னிடம் வாங்கியதைவிட இரண்டாயிரம் கூட. எஸ்டேட்டும் கடனை நிறுத்தவில்லை. நான் கடையைத் தனியாளாக ஓட்டுகிறேன். விடுதியின் கவுன்ட்டருக்கு மிளகு என்னிடம்தான் வாங்குகிறார்கள். மூட்டை இறங்கியதும் அக்கா ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்ப்பார். பொக்கு இருந்தால் தயவுதாட்சண்யமே கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்.

பணத்தைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்தவன் நான். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போது அந்தக் காரணத்தின் பாரத்தையும் நாமேதான் சுமக்க வேண்டும், போகிறவர் தலையில் அதை ஏற்றி அனுப்பக்கூடாது என்பதை, குறை என்னுடையது என்று என்னிடமே திரும்பி வருகிற ஒவ்வொரு மூட்டையும் எனக்குச் சொல்கிறது.