உப்புப் பார்த்த விரல்

உம்மா மவுத்தானபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் மஃரிபு தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டில் பெரிய சாப்பாடு. லெப்பை வந்து, பரப்பி வைத்த சாப்பாட்டின் முன்னால் உம்மாவின் பேரில் பாத்திஹா ஓதுவார். பிறகு வாப்பாவும் சொந்தக்காரருமாக எல்லோரும் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஓதினதன் நன்மை உம்மாவுக்குப் போய்ச் சேரும் என்றார்கள். சோறே போய்ச் சேரும் என்று நான் நினைத்திருந்தேன்.

அதனால்தான் குசினியை விட்டு நகரமாட்டேன். உம்மாவின் தங்கை, என் சாச்சி, எங்களோடுதான் இருந்தாள். அடுப்பு, கத்தி, தேங்காய்த் திருவலை, கை எரியும் கொச்சிக்காய் நான்குக்கும் கிட்டே போகக்கூடாது என்பது அவள் சட்டம். மற்றதெல்லாம் என் வேலை. தண்ணீரில் ஊறிய சின்ன வெங்காயத்தின் தோலை நகத்தால் உரிப்பேன். முருங்கை இலை உருவுவேன். அவித்து ஆறிய முட்டைக்குக் கோது கழற்றுவேன். நானே தனியாகச் செய்யும் பண்டம் ஒன்றும் இருந்தது. கனிந்த கதலிப் பழத்தை உரித்து, கையால் பிசைந்து, சாச்சி திருவித் தந்த தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைப்பது. உம்மாவுக்கு அதில் உயிர்.

"உப்பு இனிப்புப் பாக்காம ஒண்டையும் எடுத்து வைக்கப்படா மகள்," என்று சாச்சி நாளாந்தம் சொல்லுவாள். ஓதுகிற சாப்பாட்டை மட்டும் ஓதி முடியும் வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதை எனக்குச் சொல்ல அவள் மறந்துபோனாள்.

ஒரு வியாழன், பழத்தைக் குழைத்துவிட்டு விரலை நக்கிப் பார்த்தேன். வாசலில் பெரியம்மா, உம்மாவின் ராத்தா, நின்றாள். தேளுக்குக் கொடுக்கில்தான் விஷம், பெரியம்மாவுக்கு நாக்கெல்லாம்.

"ஓதுறத்துக்கு முந்தி எச்சிலாக்கிட்டியா, ஹறாமி! உன்ட உம்மாக்கு எச்சிலயா அனுப்பப் பாக்காய்?"

கோப்பையைப் பறித்துக்கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினாள்.

"சின்னப்புள்ள ராத்தா, அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் சொல்லல்ல," என்றாள் சாச்சி.

பெரியம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து, என் முகத்துக்கு நேரே, நிதானமாகச் சொன்னாள்: "இந்தக் கிழம உன்ட உம்மா கபுறுக்குள்ள பசியோடதான் கிடப்பா. உன்னாலதான்."

இது எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கென்றால் கேட்டிருப்பேன். அன்றைக்கு நம்பினேன். அந்தக் கிழமை முழுக்க அரை வயிற்றோடு எழும்பினேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டித் தந்த பணிஸைக்கூட உம்மாவை அடக்கிய மையவாடியின் மதிலில் வைத்துவிட்டு வந்தேன். அதைக் காகம் தின்றது.

அடுத்த வியாழன் சாச்சியின் பழைய முக்காட்டுத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனேன். "என்ன கோலம் இது?" என்று கேட்டவள், என் கண்ணைப் பார்த்துவிட்டுத் திருவலையில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கிழமை உப்புச் சட்டி உடைந்துபோனதால், அவள் உப்பை இடித்துப் பால்மா டின் ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். சீனியும் பால்மா டின்னில்தான் இருந்தது. நான் கைக்கு எட்டிய டின்னிலிருந்து அள்ளிப் போட்டேன். உம்மாவுக்குப் போன கிழமைப் பங்கும் சேரட்டும் என்று இரண்டு மடங்காகப் போட்டேன். ருசி பார்க்கவில்லை.

லெப்பை ஓதினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனசு அப்படி நிறைந்திருந்தது.

என் பழத்தில் முதல் வாய் வைத்தவள் பெரியம்மா. தூ என்று துப்பினாள்.

"உப்பு! முழுக்க உப்பு! இதத்தானா ஓதி அனுப்பியிருக்கி? பசில கிடந்தவள்ற வாயில உப்ப அள்ளிப் போட்டுட்டாளே!"

சிலர் சிரித்தார்கள். லெப்பையும் சிரித்தார். சாச்சி வாசல்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வாப்பா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய் வைத்தார், விழுங்கினார், இன்னொரு வாய் எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நல்லா இனிச்சிக் கிடக்கு மகள்," என்றார்.

வாய்த் துணியை அவிழ்த்துவிட்டு, கோப்பையின் ஓரத்தைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். வாப்பா பொய் சொல்லுகிறார் என்று தெரிந்தது. அவரால் பொய் சொல்ல முடிந்தது, தண்ணீர் குடிக்கவும் முடிந்தது. உம்மாவுக்கு யார் தண்ணீர் கொடுப்பார் என்று கேட்டேன்.