சூடான தட்டின் எடை

ஹனூரிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்த கனகா ஆய்வகத்தில் இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதே கேழ்வரகு மாவின் ஈரப்பதம் முதல் தட்டில் 13.2 சதவீதம், மற்றதில் 12.2. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்க வேண்டும். அறிக்கை தேறாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

"ரெண்டுக்கும் பன்னெண்டுன்னே எழுதிடு. மேடம் தராசையா சாட்சிக்குக் கூப்பிடப் போறாங்க?" என்றாள் பக்கத்து மேசை நிர்மலா.

அறிக்கையில் நோக்கத்தை எழுதியாகிவிட்டது. செய்முறையில் பேனா நின்றது. மாவை உலர்த்திய மின்னடுப்பிலிருந்து எடுத்த தட்டை, ஈரம் புகாத மூடிய உலர்கலத்தில் ஆறவைத்துத்தான் எடைபோட வேண்டும் என்றது கையேடு. முதல் தட்டை அவள் சூடாகவே எடைபோட்டிருந்தாள். அதை அப்படியே எழுதினாள். முடிவுகளில் இரண்டு எண்களும் இருந்தன. சூட்டில் எழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டியதால் முதல் தட்டில் ஈரம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம், அதனால் சராசரி எடுக்கவில்லை என்று விவாதத்தில் எழுதினாள்.

அறிக்கையைப் படித்த மேடம் செய்முறையில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"ஆறவெக்கலையா?"

"இல்லீங்க மேடம். அவசரத்துல எடை போட்டுட்டனுங்க."

"திங்கக்கிழமை புது மாவுல திரும்பப் பண்ணு. இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடாதே."

அந்தப் பக்கத்தின் அடியில் மேடத்தின் கையெழுத்து விழுந்தது. வராண்டாவுக்கு வந்ததும் கனகா அதைத் திறந்து இரண்டு எண்களையும் மறுபடி படித்தாள்.