மேலே தலைப்பில்லாத தாள்

சுனாமிக்குப் பிந்திய அந்த வருடத்தில் நான் கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தேன். வாடகை வீடொன்றின் மேல்மாடிதான் கந்தோர். கீழே வீட்டுக்காரர் கோழி வளர்த்தார். எங்கள் அறிக்கைகள் எல்லாம் அந்தக் கோழிகளின் கொக்கரிப்பில்தான் எழுதப்பட்டன.

என் வேலை அட்டவணை. கடல் வருவதற்கு முன்னால் எடுத்த கடைசிக் குடிசன மதிப்பீட்டுப் புத்தகத்தை யாரோ போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைக் கொழும்பில் ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஊரில் முன்பு எத்தனை குடும்பம் இருந்தது என்பது தெரிந்தால்தான், வீடு கேட்டு வருகிற பட்டியல்களை ஒத்துப் பார்க்கலாம். அதற்காக அந்தப் புத்தகத்தைக் கணினிக்குள் ஏற்ற வேண்டியிருந்தது.

சொல்லக் கேட்டால் சின்ன வேலை. ஆனால் புத்தகத்தில் மாவட்டம், பிரதேசப் பிரிவு, ஊர் மூன்றும் ஒரே நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மாவட்டம் இடது ஓரத்தில். பிரிவின் பெயர் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதற்கு நேரே அந்தப் பிரிவின் மொத்தத் தொகை. ஊர்களின் பெயர்கள் இன்னும் உள்ளே. கணினியில் அப்படியே அடித்தால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எது தாய், எது பிள்ளை என்று தெரியாது. பிரிவின் மொத்தமும் ஒரு ஊர்போல நின்று, கூட்டும்போது எல்லாத் தலையும் இரண்டு தடவை எண்ணப்படும். அதனால் ஒவ்வொரு ஊரின் வரியிலும் முதல் நிரலில் மாவட்டம், இரண்டாவதில் பிரிவு, மூன்றாவதில் ஊர் என்று நிரப்பி, தலைப்பு வரிகளை ஊர்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஸ்கேன் சாய்ந்திருந்தது. பக்கத்தின் மேலே உள்ளே தள்ளியிருந்த எழுத்து, பக்கத்தின் கீழே போகப் போக வலப்பக்கம் நழுவிக்கொண்டு போகும். கணினித் திரையில் பார்த்தால் கண் பொய் சொல்லும். அதனால் எல்லாத் தாளையும் அச்செடுத்து, அடிமட்டம் வைத்து, மாவட்டத்துக்குச் சிவப்பு, பிரிவுக்கு நீலம், ஊருக்குப் பச்சை என்று பென்சிலால் கோடு போட்டேன். பிறகு நீலக்கோட்டுப் பெயரை அடுத்த நீலக்கோடு வரும்வரை கீழே இழுத்துக்கொண்டே போனேன். இதை நானாகத்தான் யோசித்துச் செய்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருநாள் மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கள் மேசையிலிருந்து சிதறின. குனிந்து பொறுக்கி அடுக்கினேன். போட்டோகொப்பிக்காரன் பக்க இலக்கங்களை எல்லாம் வெட்டியிருந்தான். என்றாலும் பெரும்பாலான தாள்கள் புதிய பிரிவொன்றின் தலைப்போடு தொடங்கியதால் அவை எந்த வரிசையில் இருந்தாலும் சேதமில்லை. ஒரு தாள் மட்டும் மேலே தலைப்பில்லாமல் நேராக ஊர்ப் பெயர்களோடு தொடங்கியது. முந்தின தாளின் தொடர்ச்சி அது. அதை எதற்குப் பின்னால் வைத்தேன் என்று நான் யோசிக்கவே இல்லை. அன்று காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை, வீட்டில் உம்மாவுக்குக் காய்ச்சல். இதெல்லாம் சாட்டு. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வேன் சாரதியை நான் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். தோணியையும் மனைவியையும் ஒரே காலையில் இழந்துவிட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் இருந்ததால் எங்களிடம் வேலைக்கு வந்தவர். மிச்சம் ஒரு மகள். அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் போட வேண்டும் என்பார்கள். கல்யாணத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். காக்காவுக்குத் தேவைப்பட்டது தனக்கு ஒரு கூரை அல்ல, மகளுக்கு ஒரு வாழ்க்கை. அவர் அதை மறைக்கவும் இல்லை. வேனில் ஏறினால் அந்தக் கதைதான்.

அவருடைய ஊரிலிருந்து வீடு கேட்டுப் போன பட்டியலை, எங்கள் அட்டவணையோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் பிரிவுக் கந்தோர் திருப்பி அனுப்பியது. இந்தப் பிரிவில் இந்த ஊர் இல்லை என்று எழுதியிருந்தது. அவர் மாடிப்படி ஏறி என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, எங்கட ஊர் இல்லயாமே. ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். என் அட்டவணையில் அந்த ஊர் இருந்தது. ஆனால் தெற்கே இன்னொரு கரைப் பிரிவின் கீழே இருந்தது.

"அது அந்தப் பிரிவுல இரிக்கு காக்கா. அங்க போய்க் கேளுங்க."

"அங்கயா? எங்கட வாப்பா காலத்துல இருந்து நாங்க இஞ்சதானே."

எங்கள் பகுதியில் பிரிவுகளை வெட்டுவதும் ஒட்டுவதும் புதிதில்லை. தேர்தல் வந்தால் ஒரு கோடு, ஆட்சி மாறினால் இன்னொரு கோடு. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் கந்தோர் மட்டும் நடந்துகொண்டிருக்கும். கணக்கெடுத்த நேரத்தில் அப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வேறு ஊரில் பிறந்த ஒருத்தி இந்த அட்டவணையைச் செய்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள்.

அந்தப் பிரிவில் அவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் இங்கே அனுப்பினார்கள். இங்கே இருந்தவர்கள் மறுபடியும் அங்கே அனுப்பினார்கள். மூன்றாவது தடவை என் மேசைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"புத்தகத்துல அப்படித்தான் காக்கா இரிக்கு. புத்தகத்த நான் மாத்தேலுமா?"

"ஓம் ஓம், நீங்க என்ன செய்ற" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே வேன் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

அந்த ஊரில் எஞ்சிய கொஞ்சக் குடும்பங்கள் கலைந்தன. சிலர் சொந்தக்காரரின் வளவுகளில் ஒதுங்கினார்கள். சிலருக்கு வேறு யாரோ வீடு கட்டிக் கொடுத்தார்கள். காக்கா கொட்டிலிலேயே இருந்தார். ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொட்டிலைப் பார்த்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாலு வருடம் இப்படிப் போனது. யுத்தம் முடிந்தது. வீதித் தடைகள் குறைந்தன, ஆனால் ஆளுக்கு ஆள் கதைப்பது இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. எங்களுக்குப் புதிதாக ஒரு திட்டம் வந்தது. மாவட்டம் முழுவதற்கும் அதே அட்டவணை மறுபடியும் வேண்டும் என்றார்கள். பழையதை அப்படியே கொடுக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு எல்லாவற்றிலும் ஓர் அலுப்பு வந்திருந்தது. பட்டியல், திருத்திய பட்டியல், இறுதிப் பட்டியல், இறுதியின் திருத்தம். கொழும்பிலிருந்து வந்த புதிய பொறுப்பாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஊர்களைக் கூட்டினால் பிரிவின் மொத்தம் வருகிறதா?"

நான் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. முதலில் அவசரம், பிறகு மறதி. தலைப்பு வரிகளை எடுத்தபோது அவற்றில் இருந்த மொத்தத் தொகைகளையும் சேர்த்து எறிந்திருந்தேன். பழைய தாள்களை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, நீலக்கோட்டு வரிகளில் இருந்த தொகைகளை மட்டும் தனியாக அடித்து, ஒவ்வொரு பிரிவின் ஊர்களையும் கூட்டி அதற்கு நேரே வைத்தேன்.

வரிசையாகச் சரியாக வந்தது. எங்கள் பிரிவில் குறைந்தது. தெற்குப் பிரிவில் கூடியது. குறைந்த எண்ணும் கூடிய எண்ணும் ஒன்றேதான்.

அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். மேலே தலைப்பில்லை. பச்சைக்கோடு போட்ட சில ஊர்கள், அதன் பிறகு தாளின் நடுவில் ஒரு நீலக்கோடு. அந்த ஊர்களின் தொகையைக் கூட்டினேன். குறைந்த எண் அப்படியே வந்தது. தாளைத் தெற்குப் பிரிவின் பின்னாலிருந்து உருவி எங்கள் பிரிவின் பின்னால் வைத்தேன். கொழுவி வைத்ததுபோலச் சரியாகப் பொருந்தியது. அந்தச் சில ஊர்களில் மற்றவை கடல் எட்டாதவை. மூன்றாவது, காக்காவின் ஊர்.

புத்தகத்தில் பிழை இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

உடனே போய்க் காக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் திருத்தக் கடிதம் ஒன்று அடிக்கச் சொன்னார். அதில் "எழுத்துப் பிழை" என்று போடச் சொன்னார். அடித்தேன். கையொப்பம் வாங்கினேன். பிறகு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். காக்கா வேனில் இருந்தார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காற்றில் சிதறியது, பொறுக்கியது, மாறி வைத்தது எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏச வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது.

"எது எங்கட ஊர்?"

விரலால் காட்டினேன். அவர் அந்த வரியின் மேல் தன் விரலை வைத்து எடுக்காமலே இருந்தார்.

"இந்தக் கணக்கெடுக்க வந்த ஆக்களுக்கு என்ட பொஞ்சாதிதான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா" என்றார். "அவவும் இதுக்குள்ள இரிக்கா, என்ன?"

"ஓம் காக்கா."

"இப்ப வீடு தருவாங்களா?"

"கடிதம் போயிட்டு. தருவாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், கந்தோரில் அரைநாள் லீவு கேட்டு, மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தவர் அவர். வீட்டு வேலைக்கு, சவூதிக்கு. இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டுக்குக் கல் வாங்கவாவது காசு வரும் என்று சொல்லித்தான் அவள் போயிருந்தாள்.

"நீங்களே கதைங்க தங்கச்சி" என்று நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "எனக்கு இத விளங்கப்படுத்தத் தெரியா."

அந்தப் பக்கம் பிள்ளை எடுத்தாள். எங்கோ பாத்திரம் உருளும் சத்தம், ஒரு பெண்ணின் அதட்டல். நான் என் பெயரைச் சொன்னேன். வீடு வரப்போகிறது என்றேன். உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறது என்றேன்.

அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப நான் வரட்டா மிஸ்?"

காக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் இன்னும் அந்த வரியில்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும்.